தொண்டைக்குள் ஓர் எழுத்தாணி

“சங்கரா மீன் குழம்பு சாப்பிட்ட ராத்திரி ஆரம்பிச்சது டாக்டர். முள்ளு ஒண்ணு உள்ளேயே நின்னுடுச்சுன்னு நினைக்கிறேன்.”

“எப்போ சாப்பிட்டீங்க?”

“மூணு வருஷம் ஆகுது.”

மூன்று வருடம் ஒரு மீன் முள் தொண்டையில் சும்மா இருக்காது. ஒன்று, சில நாட்களில் தானாகக் கழன்று போயிருக்கும். இல்லையென்றால் சீழ் பிடித்துக் கழுத்து வீங்கி, காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு ஓட வைத்திருக்கும். ஆனால் அவர் சொன்ன வலி பொய்யில்லை. இடது தாடையின் கோணத்துக்குக் கீழே, ஒரே இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்துக் காட்டினார். ஒவ்வொரு முறையும் அதே இடம்.

அவர் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை. வயது 44. (அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) முதலில் வீட்டு வைத்தியம்: சோற்று உருண்டை, வாழைப்பழம். பிறகு மாமியார் சொன்னதற்காகத் தொக்கம் எடுத்தார்கள். அதற்கப்புறம் இரண்டு முறை எண்டோஸ்கோப்பி. இரண்டிலும் முள்ளும் இல்லை, புண்ணும் இல்லை. “அசிடிட்டியா இருக்கும்” என்று ஒரு வருடம் காலை வெறும் வயிற்றில் மாத்திரை. இடது காதும் சேர்ந்து வலித்ததால் காதுக்குச் சொட்டு மருந்து. கடைசியில் கடைவாய்ப் பல்லின் மேல் சந்தேகம் வந்து அதையும் பிடுங்கியாயிற்று. வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்ன இரண்டு விஷயங்கள் என்னை நிமிர வைத்தன. சாப்பாடு விழுங்குவதைவிட வெறும் எச்சில் விழுங்கும்போது வலி அதிகம் என்றார். அடுத்தது இது: “போர்டுல எழுதிட்டுப் பிள்ளைங்க பக்கம் இடது புறமா திரும்பினா சுருக்குன்னு பிடிக்குது. அதனால இப்பல்லாம் கழுத்தைத் திருப்புறதில்ல டாக்டர், உடம்போட சேர்த்தே திரும்பிடுறேன்.”

மீன் முள் விழுங்கும்போது குத்தும். அசிடிட்டி எரியும். பல் மெல்லும்போது வலிக்கும். விழுங்கினாலும் தலையைத் திருப்பினாலும் ஒரே இடத்தில் பிடித்து இழுக்கும் வலிக்குக் காரணம் தேடினால், தொண்டையோடும் சேர்ந்து அசையக்கூடிய, கழுத்தோடும் சேர்ந்து அசையக்கூடிய ஏதோ ஒன்று வேண்டும். அப்படி ஓர் எலும்பு நம் ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கமும் இருக்கிறது.

உங்கள் காது மடலுக்கு நேர் கீழே விரலை வையுங்கள். முன்னால் தாடை எலும்பின் பின்விளிம்பு, பின்னால் காதுக்குப் பின்னே இருக்கும் மேட்டெலும்பு, நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தின் ஆழத்தில், மண்டையோட்டின் அடிப்பக்கத்திலிருந்து மெல்லிய எலும்புக் குச்சி ஒன்று கிளம்பிக் கீழ்நோக்கியும் கொஞ்சம் முன்நோக்கியும் உள்நோக்கியும் சாய்ந்து நிற்கிறது. இதுதான் ஸ்டைலாய்டு எலும்பு. அடியில் தடித்து நுனியில் மெலிந்து, ஓலையில் எழுதும் எழுத்தாணி போல இருப்பதால் வந்த பெயர். வழக்கமாக 25 முதல் 30 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். ஒரு தீக்குச்சியின் பாதிக்குச் சற்று அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நீளத்தில் அது யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. 30 மில்லிமீட்டரைத் தாண்டினால் ‘நீண்டது’ என்கிறோம். ஆசிரியைக்கு இடது பக்கம் இருந்தது 42 மில்லிமீட்டர், ஏறக்குறைய முழுத் தீக்குச்சி.

எலும்பு எப்படி நீள்கிறது? இந்தக் குச்சியின் நுனியிலிருந்து ஒரு தசைநார் கிளம்பி, குரல்வளைக்கு மேலே லாடம் போல வளைந்திருக்கும் நாவடி எலும்பில் போய்ச் சேருகிறது. நாம் கருவில் இருந்தபோது ஸ்டைலாய்டு, இந்த நார், நாவடி எலும்பின் மேல்பகுதி எல்லாம் சேர்ந்து ஒரே குருத்தெலும்புக் கம்பியாக இருந்தன. பிறகு மேல்துண்டு எலும்பாகிறது, கீழ்த்துண்டு எலும்பாகிறது, நடுத்துண்டு நாராக மாறிவிடுகிறது. நாய், குதிரை போன்ற விலங்குகளுக்கு அந்த நடுப்பகுதியிலும் எலும்புத் துண்டுகள்தான். நமக்கு நாராக மாறினாலும், எலும்பாகும் திறனுள்ள செல்கள் அதில் மிச்சம் இருக்கின்றன. வயதாக ஆக, அல்லது தொண்டையில் அடிபட்டோ அறுவை நடந்தோ தழும்பு விழுந்த பிறகு, நாரின் மேல்பகுதி மெல்ல மெல்லச் சுண்ணாம்பேறி எலும்போடு ஒட்டிக்கொள்கிறது. பார்ப்பதற்கு எலும்பு வளர்ந்ததுபோல இருக்கும். பல பேருக்கு நடந்திருப்பது நார் இறுகியதுதான். பிறவியிலேயே நீளமாக அமைந்தவர்களும் உண்டு. ஒருவருக்கு எந்தக் காரணம் என்று பெரும்பாலும் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. வைத்தியமும் அதைப் பொறுத்து மாறுவதில்லை.

நீளத்தைவிட அது போய் நிற்கும் இடம்தான் பிரச்சினை. இந்த எலும்பின் நுனி சரியாக இரண்டு கழுத்துத் தமனிகளுக்கு நடுவில் இருக்கிறது: ஒன்று மூளைக்குப் போகும் உள்தமனி, மற்றது முகத்துக்குப் போகும் வெளித்தமனி. உள்பக்கம் தொண்டையின் சுவர், அதில் டான்சில் உட்கார்ந்திருக்கும் குழி. எலும்பிலிருந்து கிளம்பித் தொண்டைக்குப் போகும் ஒரு தசையைச் சுற்றி வளைத்துக்கொண்டு போகிறது ஒன்பதாவது மூளை நரம்பு. அடிநாக்கின் சுவையையும் தொண்டையின் உணர்ச்சியையும் மூளைக்குச் சொல்வது இந்த நரம்புதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு எச்சில் விழுங்கிப் பாருங்கள். குரல்வளை மேலே எழும்புகிறது, நாவடி எலும்பு தூக்கப்படுகிறது, அடிநாக்கு பின்னால் தள்ளுகிறது, தொண்டைச் சுவர் சுருங்குகிறது. எலும்பு மட்டும் மண்டையோட்டில் பதிந்தபடி அசையாமல் நிற்கிறது. நீளமான நுனியின் மேல் சதை ஒவ்வொரு விழுங்கலுக்கும் உரசி ஏறி இறங்குகிறது. சாப்பாட்டைவிட எச்சிலுக்கு வலி அதிகம் என்று இந்த நோயாளிகள் பலர் சொல்வார்கள். வாயில் ஒன்றும் இல்லாமல் விழுங்கத் தொண்டை அதிகமாக இறுக்க வேண்டியிருப்பதுதான் காரணம் என்பது என் அனுமானம். தலையைத் திருப்பும்போதோ மண்டையோடு கழுத்தின் மேல் சுழல்கிறது. எலும்பின் நுனி தன் இடத்திலிருந்து நகர்ந்து சதையை நெம்புகிறது. காது வலியும் இதே கதைதான். ஒன்பதாவது நரம்பின் ஒரு கிளை நடுக்காதுக்குப் போகிறது. தொண்டையில் குத்துவதை மூளை காதில் குத்துவதாகவும் எடுத்துக்கொள்கிறது. அந்தக் காதில் எத்தனை சொட்டு மருந்து விட்டாலும் பயன் என்ன?

இந்த வலிக்கு ஈகிள் நோய்க்குறித் தொகுப்பு என்று பெயர். அது ஒரு மருத்துவரின் பெயர்: வாட் ஈகிள், அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் டியூக் பல்கலைக்கழகத்தில் காது-மூக்கு-தொண்டை மருத்துவராக இருந்தவர். 1937-இல் இரண்டு நோயாளிகளின் விவரத்தை எழுதினார். அவருக்கு முன்பே, 1652-இல், இத்தாலியின் பதுவா நகரத்து அறுவை மருத்துவர் மார்க்கெட்டி இந்த நார் எலும்பாவதைக் குறித்து வைத்திருக்கிறார். ஆனாலும் இதை ஒரு நோயாகத் தொகுத்து, எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி எடுப்பது என்று அடுத்தடுத்த கட்டுரைகளில் விளக்கியவர் ஈகிள்தான். டான்சில் அறுவைக்குப் பிறகு தொடங்கும் தொண்டை வலியை ஒரு வகையாகவும், நுனி தமனியை அழுத்துவதால் முகத்திலும் தலையிலும் வரும் வலியை இன்னொரு வகையாகவும் அவர் பிரித்தார். டான்சிலே எடுக்காதவர்களுக்கும் முதல் வகை வலி வருவதை இன்று நிறையப் பார்க்கிறோம். ஆசிரியையும் டான்சில் எடுத்துக்கொண்டவர் அல்ல.

ஈகிள் சொன்னதிலேயே இன்று பலரும் மறந்துவிட்ட ஒன்று இருக்கிறது. மக்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு இந்த எலும்பு நீளமாக இருக்கும், அவர்களிலும் மிகச் சிறு பங்குக்குத்தான் வலி வரும் என்று அவர் கணித்தார். அதாவது, நீளமான எலும்பை வைத்துக்கொண்டு நூறு பேர் வரிசையில் நின்றால், அவர்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எனவே எலும்பு நீளம் என்று படத்தில் தெரிவது நோயல்ல. எலும்பு நீளமா என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. வலிப்பது அந்த எலும்புதானா என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு ஸ்கேன் பதில் சொல்லாது. விரல் சொல்லும்.

விரலால் பார்ப்பதென்றால் இப்படி. நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்து, வாந்தி வருவதுபோல இருக்கும், ஒரு நிமிடம்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குமட்டல் அதிகம் உள்ளவர்களுக்கு மரத்துப்போகும் ஸ்பிரே அடிக்கலாம். கையுறை போட்ட ஆள்காட்டி விரலை முதலில் வலியில்லாத பக்கம் கொண்டுபோகிறேன். கடைவாய்ப் பற்களைத் தாண்டி, டான்சில் குழியின் மேல் விரல் நுனியை வைத்துப் பின்பக்கமும் வெளிப்பக்கமுமாக அழுத்தினால், வழக்கமான நீளமுள்ள எலும்பு கையில் தட்டுப்படவே படாது. சதை மட்டும் மெத்தென்று அழுந்தும். பிறகு வலிக்கும் பக்கம். அங்கே சதைக்கு அடியில், பென்சில் முனையைத் துணிக்கு மேல் தொடுவதுபோல ஒரு கெட்டியான முனை தட்டுப்பட்டால், அதன் மேல் மெதுவாக அழுத்துகிறேன்.

இந்த இடத்தில் அவசரப்பட்டுவிடக் கூடாது. டான்சில் குழியை அழுத்தினால் யாருக்குமே கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். “வலிக்குதா?” என்று கேட்பதில் பயன் இல்லை. “தினமும் வர்ற வலி இதுதானா?” என்று கேட்க வேண்டும். ஆசிரியையிடம் அந்தக் கேள்வியை நான் முடிப்பதற்குள் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. விரலை எடுத்ததும் சொன்னார்: “இதேதான் டாக்டர். இதே முள்ளுதான்.” காதிலும் அதே நேரத்தில் ஒரு இழுப்பு வந்ததாகச் சொன்னார்.

அடுத்தது ஊசிப் பரிசோதனை. அதே இடத்தில் 2 சதவீத லிக்னோகேயின் மருந்தை ஒரு மில்லிலிட்டர் அளவுக்குப் போடுவோம். தமனி பக்கத்திலேயே இருப்பதால், மருந்தைச் செலுத்தும் முன் ஊசிக்குழலைப் பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து விழுங்கச் சொல்லி, தலையை இரண்டு பக்கமும் திருப்பச் சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் பார்த்தார், ஜன்னல் பக்கம் பார்த்தார், மறுபடியும் சுவர்ப் பக்கம் பார்த்தார். கழுத்தை மட்டும் திருப்பி, உடம்பைத் திருப்பாமல்.

ஆனாலும் அந்த ஊசியை முழுதாக நம்பிவிடக் கூடாது. ஒன்பதாவது நரம்பிலேயே கோளாறு வந்து, எலும்புக்குச் சம்பந்தமில்லாமல் வரும் நரம்பு வலி ஒன்று உண்டு. அதையும் இதே ஊசி அடக்கிவிடும், ஏனென்றால் மரத்துப்போவது அதே நரம்பு. இரண்டையும் பிரிக்க நோயாளியின் பேச்சைத்தான் நம்ப வேண்டும். நரம்பு வலி கரண்ட் ஷாக் போல வெட்டி, சில நொடிகளில் அல்லது ஓரிரு நிமிடத்தில் போய்விடும். ஒரு வலிக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒன்றுமே இருக்காது. குளிர்ந்த தண்ணீர் குடித்தால், இருமினால், பேசினால்கூடக் கிளம்பும். எலும்பால் வரும் வலி மந்தமாக நாள் முழுக்க அடியில் இருந்துகொண்டு, குறிப்பிட்ட அசைவில் மட்டும் சுருக்கென்று பிடிக்கும். எலும்புமுனை விரலில் தட்டுப்படுவதும் இதில்தான்.

இதையெல்லாம்விட முக்கியமாக ஒதுக்கித் தள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை அழுத்தமாகவே எழுதுகிறேன். ஒரே பக்கம் தொண்டை வலி, அதே பக்கம் காது வலி, விழுங்கக் கஷ்டம் என்று வரும் ஐம்பது வயதுக்காரர் பீடியோ சிகரெட்டோ பிடிப்பவராக, புகையிலையோ பான் மசாலாவோ போடுபவராக இருந்தால், முதல் சந்தேகம் டான்சிலிலோ அடிநாக்கிலோ வரும் புற்றுநோய்தான். வெளியே தெரியாமல் சதைக்குள்ளே கெட்டியாக வளர்ந்திருக்கும் கட்டியை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து விட்டுவிட முடியும். எலும்பைத் தேடும் அதே விரல் அடிநாக்கையும் டான்சிலையும் தடவிப் பார்க்கும்போது அது தட்டுப்படும். கழுத்தில் நெறி கட்டியிருந்தால், உடம்பு மெலிந்தால், எச்சிலில் ரத்தம் வந்தால், குரல் மூன்று வாரத்துக்கு மேல் கம்மியிருந்தால், எலும்பைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு அதைப் பார்க்க வேண்டும். நீண்ட எலும்பு ஒருவருக்கு இருப்பதால் புற்றுநோய் அவருக்கு வராமல் போய்விடாது. இரண்டும் ஒரே தொண்டையில் இருக்கலாம்.

விரல் சொன்ன பிறகு படம். பல் மருத்துவர்கள் எடுக்கும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் முழுத் தாடையும் ஒரே படமாக விரிந்து வரும். தாடைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கோடு கிழித்ததுபோல ஸ்டைலாய்டு தெரியும். செலவும் குறைவு. ஆனால் அந்தப் படம் எலும்பை உண்மையான அளவைவிடப் பெரிதாகக் காட்டும், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் காட்டாது. 30 மில்லிமீட்டர் எலும்பு உள்பக்கமாக வளைந்து தொண்டையில் குத்தலாம். 45 மில்லிமீட்டர் எலும்பு நேராக இறங்கி யாரையும் தொடாமல் இருக்கலாம். அதனால் அறுவையைப் பற்றி யோசிக்கும் அளவுக்கு வந்தால் சி.டி. ஸ்கேன் எடுத்து, கணினியில் முப்பரிமாணமாகத் திருப்பிப் பார்ப்போம். எலும்பு முழுதாக இருக்கிறதா, நடுவில் மூட்டு போல இடைவெளி விட்டுத் துண்டுதுண்டாக இருக்கிறதா, நுனி டான்சிலுக்கு எவ்வளவு பக்கம், தமனிக்கு எவ்வளவு பக்கம் என்பதெல்லாம் அதில் தெளிவாகிவிடும். ஆசிரியையின் ஸ்கேனில் இடது 42, வலது 38 மில்லிமீட்டர். இடது நுனி உள்பக்கமாக நன்றாகச் சாய்ந்திருந்தது.

இதற்கு நேர்மாறாக ஓர் இளைஞர் வந்தார். பல்லுக்கு கிளிப் போடுவதற்காக எடுத்த ஓ.பி.ஜி.யின் ரிப்போர்ட்டில் ‘இரு பக்கமும் ஸ்டைலாய்டு நீண்டுள்ளது’ என்று ஒரு வரி. அன்றிரவு முழுக்கக் கூகுளில் தேடிப் படித்திருக்கிறார். மறுநாளிலிருந்து விழுங்கும்போதெல்லாம் தொண்டையைக் கவனிக்க ஆரம்பித்து, ஏதோ இருப்பதுபோலவே தோன்றுகிறது என்றார். விரலை வைத்துப் பார்த்தேன். முனை தட்டுப்பட்டது, ஆனால் அழுத்தியபோது அவர் சொன்ன உணர்வு அங்கே இல்லை. அது நடுத்தொண்டையில், இடம் மாறிக்கொண்டே இருந்தது; சாப்பிடும்போது மறைந்தும் போனது. அவருக்கு எலும்பு நீளம் என்பதும் உண்மை, தொண்டையில் ஏதோ இருப்பதுபோலத் தோன்றுவதும் உண்மை. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. அதைப் பொறுமையாக விளக்கியதே அவருக்கு வைத்தியமாக இருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் நம்பி யாராவது அவருக்கு அறுவை செய்திருந்தால், ஒரு நல்ல தொண்டையில் தழும்பு விழுந்திருக்கும், உணர்வும் போயிருக்காது.

ஆசிரியைக்குக் கத்தியை உடனே எடுக்கவில்லை. “இது புத்துநோய் இல்ல, முள்ளும் இல்ல, எலும்பு உரசுது” என்று தெரிந்ததிலேயே பாதிப் பாரம் இறங்கியதாகச் சொன்னார். சிலருக்கு அதுவே போதும், இருந்துவிட்டுப் போகட்டும் என்று போய்விடுவார்கள். வலி மாத்திரையும், இரவில் குறைந்த அளவில் நரம்பு வலிக்கான மாத்திரையும் கொடுத்தேன். இரண்டு மாதம் ஓரளவு தணிந்தது, ஆனால் பள்ளியில் தூக்கம் தூக்கமாக வருகிறது என்றார். பிறகு அதே டான்சில் குழியில் மரத்துப்போகும் மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்த்து ஊசி. ஆறு வாரம் நிம்மதி, பிறகு மெல்லத் திரும்பியது. எலும்பு அங்கேயே இருக்கும்வரை இப்படித்தான். வீக்கத்தை வற்ற வைக்கலாம், எலும்பைக் கரைக்க எந்த மாத்திரையாலும் லேகியத்தாலும் முடியாது. வாய்க்குள் விரலை விட்டு எலும்பை அழுத்தி உடைப்பது என்று ஒரு பழைய முறை இருந்தது. பக்கத்தில் இருக்கும் தமனியை நினைத்தால் இன்று யாரும் அதைச் செய்யக் கூடாது.

எலும்பைக் குறைக்க இரண்டு வழிகள். ஒன்று வாய் வழியாக, மற்றது கழுத்து வழியாக. வாய் வழியில் வெளியே தழும்பு இல்லை, நேரமும் குறைவு. ஆனால் ஆழமான, குறுகலான இடத்தில் வேலை செய்ய வேண்டும், ரத்தம் வந்தால் அடக்குவது கடினம், வாயின் கிருமிகள் கழுத்தின் ஆழத்துக்குப் போகும் அபாயமும் உண்டு. கழுத்து வழியில் தாடைக்குக் கீழே கீறித் தமனியையும் நரம்புகளையும் கண்ணால் பார்த்துக்கொண்டே எலும்பை எடுக்கலாம். தழும்பு இருக்கும்; கீழுதட்டை இழுக்கும் நரம்பு அசைக்கப்பட்டால் சில வாரம் சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணும். பாக்கு, மசாலா போட்டு வாய் இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்க முடியாதவர்களுக்கும், எலும்பு மிகத் தடிமனாக நாவடி எலும்புவரை இறங்கியவர்களுக்கும், தமனி அழுத்தப்படுபவர்களுக்கும் கழுத்து வழியே பாதுகாப்பு.

ஆசிரியைக்கு வாய் நன்றாகத் திறந்தது, முனை விரலில் தெளிவாகத் தட்டுப்பட்டது. வாய் வழியைத் தேர்ந்தெடுத்தோம். மயக்கம் கொடுத்து, முதலில் இடது டான்சிலை எடுத்தோம். இப்போது குழியின் தரையில் விரலை வைத்தால் எலும்புக்கும் விரலுக்கும் நடுவில் மெல்லிய தசை மட்டும். அந்தத் தசையை வெட்டாமல் இழைகளின் போக்கிலேயே விலக்கினால் முனை வெள்ளையாக எட்டிப் பார்க்கும். முனையில் ஒட்டியிருக்கும் நாரை அறுத்து, எலும்பை மூடிய சவ்வையும் தசைகளையும் மேல்நோக்கிச் சுரண்டித் தள்ள வேண்டும். இந்தச் சுரண்டல்தான் அறுவையின் உயிர். கருவி எலும்பை விட்டு ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் அந்தப் பக்கம் தமனி. எலும்பு முழுதும் வெறுமையானதும் நறுக்கி எடுக்கிறோம், துண்டு உள்ளே நழுவிவிடாமல் கிடுக்கியில் பிடித்தபடியே. 24 மில்லிமீட்டர் எடுத்தோம். அடிவரை ஏன் எடுப்பதில்லை என்றால், எலும்பின் அடிக்கு ஒட்டிப் பின்னால் இருக்கும் துளை வழியாகத்தான் முகத்தை அசைக்கும் நரம்பு வெளியே வருகிறது. அங்கே கை வைக்க வேண்டிய தேவையும் இல்லை. முனை உரசாமல் இருந்தால் போதும்.

அடுத்த பத்து நாள் அவருக்குப் பழைய வலியைவிடப் புது வலி அதிகமாக இருந்தது. டான்சில் எடுத்த புண்ணின் வலி அது. ஐஸ்கிரீம், ஆறிய கஞ்சி, இளநீர் என்று ஓட்டினார். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ‘ஆபரேஷன் வீணாயிடுச்சு’ என்று நோயாளி உடைந்துபோவார். அறுவைக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்கு நல்ல குணம் தெரியும், எல்லோருக்கும் அல்ல. பல வருடம் நசுங்கிய நரம்பு சும்மா இருக்கப் பழகாமல் வலித்துக்கொண்டே இருக்கலாம். எலும்பைக் குறைவாக எடுத்திருக்கலாம். முதலிலேயே வலி வேறெங்கோ இருந்திருக்கலாம், தோல்விகளில் என்னை அதிகம் உறுத்துவது இந்தக் கடைசி வகைதான்.

தமனி வகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதில் தொண்டையைவிடக் கழுத்தின் பக்கவாட்டிலும், கண்ணைச் சுற்றியும், தலையின் பக்கவாட்டிலும் வலி இருக்கும். அபூர்வமாக, தலையைத் திருப்பும்போது கண் இருட்டி மயக்கம் வரலாம். தமனியின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்களும் இருக்கிறார்கள். தலையைத் திருப்பினால் கண் இருட்டுவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கம் கை மரத்துப்போவது என்று ஏதாவது நடந்தால், அது சில நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவர்களுக்கு எடுக்க வேண்டியது கையின் சிரையில் மருந்து செலுத்திக் கழுத்துத் தமனிகளைப் பார்க்கும் சி.டி. ஸ்கேன், கழுத்தை யாரும் பிடித்து நெட்டி எடுக்கக் கூடாது.

ஆறு மாதம் கழித்து ஆசிரியை வந்தார். எச்சில் விழுங்கும்போது ஒன்றுமில்லை, காது வலி இல்லை. எப்போதாவது கொட்டாவி விட்டால் லேசாக ஓர் இழுப்பு, அவ்வளவுதான் என்றார். பேசிக்கொண்டே இருந்தவர், வாசலில் அவர் பெயரை நர்ஸ் கூப்பிட்டதும் இடது பக்கம் சட்டென்று தலையைத் திருப்பினார். நான் கவனித்தேன், அவர் கவனிக்கவில்லை.

எழுந்து போகும்போது கேட்டார்: “வலது பக்கமும் நீளம்னு ஸ்கேன்ல போட்டிருந்துச்சே டாக்டர், அதையும் எப்போ எடுக்கணும்?”

“அந்தப் பக்கம் வலிக்குதா டீச்சர்?”

“இல்லையே.”

வலது பக்க எலும்பு, 38 மில்லிமீட்டர், இன்றும் அப்படியே இருக்கிறது.